பாதரசம் சிந்தினால் என்ன செய்வது? கொழும்பில் சிறு கிளினிக், பல் கிளினிக் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெர்மோமீட்டர் இப்பத்தான் விழுந்து உடைஞ்சது. முதல்ல என்ன செய்யவேணும்?

கூட்ட வேண்டாம், துடைக்க வேண்டாம். முதலில் அறையில் இருப்பவர்களை வெளியே அனுப்புங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் முன்னால் போகட்டும். யாரும் சிந்திய இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும். மிதித்துவிட்டவர் செருப்பை அந்த வாசலிலேயே கழற்றிவிட்டுப் போகட்டும். இல்லாவிட்டால் காத்திருப்போர் பகுதி வரைக்கும் பாதரசம் நடந்து போய்விடும்.

அடுத்து ஏசியை நிறுத்துங்கள். இங்கே பெரும்பாலான கிளினிக்குகளில் இருப்பது ஸ்பிளிட் ஏசி. அது வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. அறைக்குள் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிடுகிறது. ஆவி கலந்த காற்றும் அதோடு சேர்ந்து சுற்றும். சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு, உள்பக்கக் கதவைச் சாத்தி, வெளிப்பக்க யன்னலைத் திறந்துவிடுங்கள். கடைக்கட்டடத்தைப் பலகையால் மறித்து எடுத்த அறைகளில் யன்னலே இருக்காது. அப்படியானால் எக்ஸோஸ்ட் ஃபேனைப் போடுங்கள். அதுவும் இல்லையென்றால், தெருப்பக்கம் திறக்கும் கதவு வரைக்கும் ஆட்களை அகற்றிவிட்டு அந்தக் கதவைத் திறந்து வையுங்கள்.

இவ்வளவும் இரண்டு நிமிட வேலை. அள்ளுகிற வேலையை அதற்குப் பிறகு பதறாமல் செய்யலாம்.

ஒரு சின்னத் தெர்மோமீட்டர்தானே? சின்ன வயசில பாதரசத்தை உள்ளங்கையில உருட்டி விளையாடினோமே, ஒண்டும் ஆகேல்லையே?

உருட்டி விளையாடியவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனதற்குக் காரணம் உண்டு. பாதரசம் தோல் வழியாக மிகக் கொஞ்சமே உள்ளே போகும். விழுங்கினாலும் குடல் அதை உறிஞ்சுவதில்லை என்றே சொல்லலாம். ஆபத்து மூச்சில்தான் இருக்கிறது. உள்ளே இழுக்கும் பாதரச ஆவியில் ஏறத்தாழ 80 சதவீதம் நுரையீரல் வழியாக இரத்தத்தில் சேர்ந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டரில் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை பாதரசம் இருக்கும். 0.7 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரே உருண்டையாக இருந்தால் குறுக்களவு நாலரை மில்லிமீட்டர், ஒரு மிளகு அளவு. அதே பாதரசம் தரையில் அடிபட்டு அரை மில்லிமீட்டர்த் துளிகளாகச் சிதறினால் ஏறத்தாழ 800 துளிகள் வரும். மொத்த மேற்பரப்பு ஒன்பது மடங்காகும். ஆவி மேற்பரப்பிலிருந்துதான் கிளம்புகிறது. ஆகவே பாதரசத்தின் அளவு மாறாமலே, அது காற்றில் கலக்கும் வேகம் மட்டும் கூடிவிடுகிறது.

மற்றது வெப்பம். 20 பாகை செல்சியஸில் வெளிவரும் ஆவியைவிட 30 பாகையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வெளிவரும். கொழும்பில் ஏசியை நிறுத்தினால் அறை சீக்கிரமே 30 பாகைக்கு வந்துவிடும். அதனால்தான் யன்னலைத் திறக்காமல் ஏசியை மட்டும் நிறுத்துவதில் பிரயோசனமில்லை.

ஒரு தெர்மோமீட்டர் உடைந்து, உடனே ஒழுங்காக அள்ளி, காற்றோட்டமும் கொடுத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பிரச்சினை வருவது அள்ளாமல் விட்ட பாதரசத்தால். கட்டிலுக்குக் கீழே, டைல்ஸ் இடுக்கில் அது மாதக்கணக்காகக் கிடக்கும். அந்த அறையில் தினமும் எட்டு மணித்தியாலம் மூடிய கதவுக்குள் இருப்பவர் தாதியும் டொக்டரும்தான். நோயாளி பத்து நிமிடத்தில் போய்விடுவார்.

சரி, எப்படி அள்ளுறது? கிட்ட இருந்து காட்டுற மாதிரிச் சொல்லுங்க.

வெள்ளவத்தையில் ஒரு சிறு டிஸ்பென்சரி என்று வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, டைல்ஸ் தரை, ஒரு பரிசோதனைக் கட்டில், ஒரு மேசை. டெங்குக் காலம், வரிசையில் காய்ச்சல்காரர்கள். தாதி தெர்மோமீட்டரை உதறும்போது நுனி மேசை விளிம்பில் பட்டு உடைகிறது. கொஞ்சம் மேசையில், மிச்சம் தரையில்.

அள்ளுபவர் ஒருவர் போதும். அவர் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். பாதரசம் தங்கத்தில் பட்டால் அதோடு கலந்து வெள்ளைப் படலமாகப் பிடித்துவிடும். பிறகு தேய்த்துப் போகாது. நைட்ரைல் கையுறை இரண்டு சோடி போடட்டும். சாதாரண சத்திரசிகிச்சை மாஸ்க்கோ என்95 மாஸ்க்கோ பாதரச ஆவியைத் தடுக்காது. அதை நம்பி அறைக்குள் நெடுநேரம் நிற்கக் கூடாது.

வேண்டிய சாமான் எல்லாம் கிளினிக்கிலேயே இருக்கும். ஊசி கழற்றிய 5 மில்லிலீட்டர் சிரிஞ்ச், இரண்டு தடித்த அட்டை (பழைய எக்ஸ்ரே படலத்தை வெட்டினாலும் சரி), அகலமான பிளாஸ்டர் சுருள், டோர்ச், திருகுமூடி போட்ட தடித்த பிளாஸ்டிக் போத்தல், சிப் வைத்த பைகள், ஈரக் கடதாசி. போத்தலுக்குள் ஒரு விரல் உயரம் தண்ணீர் விடுங்கள். பாதரசம் தண்ணீரை விட 13 மடங்குக்கு மேல் பாரமானது, அடியில் போய்விடும். மேலே நிற்கும் தண்ணீர் ஆவியை அடக்கும்.

முதலில் கண்ணாடித் துண்டுகளைச் சிறு இடுக்கியால் எடுத்து ஒரு பையில் போடுங்கள். அப்புறம் துளிகள். வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, அட்டையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள். துளியும் துளியும் முட்டினால் தானாகச் சேர்ந்து பெரிய உருண்டையாகும். அவசரப்பட்டு அடித்துத் தள்ளினால் அதே உருண்டை மறுபடி சிதறும். சேர்ந்த உருண்டையைச் சிரிஞ்சால் உறிஞ்சி, போத்தல் தண்ணீருக்குள் விடுங்கள். மேசையில் கிடப்பதை ஒருபோதும் தரைக்குத் தள்ளக் கூடாது. மேசையிலேயே வைத்து உறிஞ்ச வேண்டும்.

சிரிஞ்சுக்கு அகப்படாத நுண் துளிகளுக்குத்தான் பிளாஸ்டர். ஒட்டும் பக்கத்தைக் கீழே வைத்து அழுத்தி, இழுக்காமல் நேரே மேலே எடுங்கள். டைல்ஸ் இடைவெளியில் இதைப் பலமுறை செய்ய வேண்டிவரும். கட்டில் சில்லு, மேசைக் காலின் ரப்பர் தொப்பி, சுவரோரம் என்று எல்லா இடத்தையும் பாருங்கள். தரையில் அடிபட்ட துளி நினைப்பதைவிடத் தூரம் ஓடியிருக்கும்.

பிறகு அறை விளக்கை அணைத்து, டோர்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடியுங்கள். மேலிருந்து அடித்த வெளிச்சத்தில் தெரியாத துளி, பக்கவாட்டு வெளிச்சத்தில் மினுங்கும். கண்டதை எல்லாம் எடுத்த பிறகு ஈரக் கடதாசியால் ஒருமுறை துடையுங்கள். சிரிஞ்ச், அட்டை, பிளாஸ்டர், கடதாசி, கையுறை எல்லாம் ஒரு பைக்குள் போகட்டும். அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு மூடி, ‘பாதரசக் கழிவு’ என்று எழுதி ஒட்டுங்கள்.

அதன் பின் 24 மணித்தியாலமாவது ஏசி போடாமல் யன்னலைத் திறந்து வைத்திருங்கள். அன்றைய நோயாளிகளை வேறு அறையில் பாருங்கள். வேறு அறை இல்லையென்றால் வராந்தாவில் பாருங்கள். அந்த அறைக்குள் மட்டும் பார்க்க வேண்டாம்.

ஐயோ, நாங்க ஏற்கனவே தும்புத்தடியால கூட்டிட்டோமே!

இதுதான் அதிகம் நடப்பது. தும்பு இழைகள் துளிகளை உடைத்துப் பரப்பும். இழைக்குள்ளும் பாதரசம் மாட்டிக்கொள்ளும். அடுத்த அறையைக் கூட்டும்போது அங்கேயும் போகும். அந்தத் தும்புத்தடியைக் கழுவ முயலாமல் பாதரசக் கழிவோடு கட்டி வையுங்கள். கூட்டிய பாதை முழுவதையும் டோர்ச்சோடு தேடுங்கள்.

வேக்யூம் கிளீனர் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் சூடான மோட்டார் பாதரசத்தை ஆவியாக்கிப் பின்பக்கத்தால் அறைக்குள் ஊதிவிடும். அறையைவிட்டு வெளியேறி நன்றாகக் காற்றாட விடுங்கள். இயந்திரத்தைக் கட்டிடத்துக்கு வெளியே பையில் கட்டி வையுங்கள். அதை இனிப் பாவிக்க முடியாது. குளோரின், அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தையும் பாதரசத்தின் மேல் ஊற்றக் கூடாது. பாதரசம் பட்ட யூனிஃபோர்மை வாஷிங் மெசினில் போட்டால் மெசினும் கெடும், வடிகாலுக்கும் பாதரசம் போகும்.

கந்தகப் பொடி தூவினால் போதுமாமே?

கந்தகம் பாதரசத்தோடு சேர்ந்து ஆவியாகாத சல்பைட்டாக மாறுவது உண்மை. ஆனால் சாதாரண அறை வெப்பத்தில் அந்த வேலை மெதுவாகவே நடக்கும். பெரும்பாலும் துளியின் மேற்பரப்பில் ஒரு தோல் கட்டிவிட்டு நின்றுவிடும். அந்தத் தோலை மிதித்து உடைத்தால் உள்ளே பளபளவென்று பாதரசம் அப்படியே இருக்கும். ஆகவே அள்ள முடிந்ததை எல்லாம் அள்ளிய பிறகு, டைல்ஸ் இடுக்கு போன்ற எட்டாத இடத்துக்கு மட்டும் கந்தகம் சரி. மஞ்சள் பொடி கபிலமாக மாறினால் அங்கே பாதரசம் மிச்சமிருந்தது என்று அர்த்தம். அந்த வகையில் அது ஒரு அடையாளம் காட்டி. பிறகு ஈரக் கடதாசியால் பொடியையும் எடுத்துவிட வேண்டும்.

முழுசாப் போயிட்டுதா எண்டு எப்படித் தெரிஞ்சுகொள்றது?

கண்ணுக்குத் தெரிவதை டோர்ச் காட்டும். காற்றில் இருப்பதைப் பாதரச ஆவி அளக்கும் மீட்டர்தான் காட்டும். ஒரு தெர்மோமீட்டருக்கு அந்த மீட்டர் தேவைப்படாது. மரப்பலகைத் தரை, கம்பளம், வெடித்த சீமெந்துத் தரை என்றால் கதை வேறு. கம்பளத்தில் சிந்தினால் சுத்தம் செய்யப் பார்க்காதீர்கள். அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் பையில் போடுங்கள்.

பிள்ளை தெர்மோமீட்டரைக் கடிச்சு உடைச்சிட்டுது. பாதரசம் வயித்துக்குள்ள போயிட்டுது. வாந்தி எடுக்க வைக்கவா?

வேண்டாம். வாந்தி எடுக்கும்போது பாதரசம் நுரையீரலுக்குள் போகக்கூடும். விழுங்கிய பாதரசம் பெரும்பாலும் அப்படியே மலத்தோடு வெளியேறிவிடும். இங்கே கவலைப்பட வேண்டியது கண்ணாடித் துண்டைப் பற்றித்தான். வாயைத் திறந்து பாருங்கள், இரத்தம் வருகிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா என்று கவனியுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே வைத்தியசாலை. சந்தேகம் இருந்தால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்தைக் கேளுங்கள். அதன் இலக்கத்தை கிளினிக் சுவரில் இப்போதே எழுதி ஒட்டி வைத்தால், அந்த நேரம் தேட வேண்டியதில்லை.

பழைய பிரஷர் கருவியில இருந்து பாதரசம் கசியுது. அதுவும் இதே முறைதானா?

இல்லை. நிமிர்ந்து நிற்கும் பழைய பாதரசக் கருவியில் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். நூறு தெர்மோமீட்டருக்கு மேல் ஒரே நேரத்தில் உடைந்ததற்குச் சமம். பெட்டிக்குள் மட்டும் நாலைந்து துளி தெரிந்தால், பெட்டியை மூடி, நிமிர்த்தியபடியே தடித்த பைக்குள் வைத்துக் கட்டுங்கள். தரையில் கொட்டியிருந்தால் அறையை மூடிவிட்டு வெளியேறுங்கள். சிரிஞ்சும் அட்டையும் அதற்குப் போதாது. உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அறிவித்து, தகுந்த பாதுகாப்போடு வருபவர்களிடம் விடுங்கள்.

நாங்க நடத்துறது பல் கிளினிக். தெர்மோமீட்டரே இல்லை. பல் அடைக்கிற அமல்கம் மட்டும்தான். எங்களுக்கும் இது பொருந்துமா?

தெர்மோமீட்டர் உடைவது எப்போதாவது. அமல்கம் அப்படியல்ல, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம். என் பார்வையில் கூடுதல் கவனம் தேவைப்படுவது பல் கிளினிக்குகளுக்குத்தான்.

அமல்கத்தில் ஏறத்தாழ பாதி பாதரசம். மற்றப் பாதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. இறுகிய பிறகு பாதரசம் உள்ளே கட்டுண்டுவிடும். இறுகுவதற்கு முன்னும், பிறகு சூடு பட்டாலும் ஆவி வரும். முன்பு பாதரசத்தையும் பொடியையும் குழவியில் அரைத்து, துணியில் பிழிந்து எடுப்பார்கள். அந்தக் காலத்துப் பல் உதவியாளர்கள் அதிகம் பாதிக்கப்பட்டது அதனால்தான். இப்போது அளவாக அடைத்த கெப்சூல் வருகிறது. இன்னமும் போத்தல் பாதரசம் வைத்திருக்கும் கிளினிக் அதை விட்டுவிட வேண்டும். வேறு வழி சொல்ல எனக்கு மனமில்லை.

கெப்சூலிலும் கவனிக்க இடமுண்டு. கலக்கும் இயந்திரத்தில் கெப்சூலின் பொருத்து சரியில்லையென்றால் ஆட்டும் வேகத்தில் நுண் துளிகள் தெறிக்கும். இயந்திரத்தின் மூடியைத் திறந்து, உள்பக்கத்தை டோர்ச்சால் பாருங்கள். சாம்பல் நிறப் படிவோ மினுக்கமோ தெரிந்தால் அது கசிவுதான். அந்த இடத்தைப் பிளாஸ்டரால் ஒற்றி எடுங்கள். மூடி இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது.

பழைய அடைப்பைக் குடைந்து எடுக்கும்போது தண்ணீர் நன்றாக அடிக்க வேண்டும், பலமான உறிஞ்சுகுழாய் பக்கத்திலேயே இருக்க வேண்டும். துகளாக உடைத்துப் பொடியாக்காமல், துண்டுகளாகப் பிளந்து எடுத்தால் சூடும் தூளும் குறையும். ரப்பர் ஷீட் கட்டினால் நோயாளி விழுங்குவதும் குறையும்.

அடுத்தது, பலர் நினைக்காத இடம்: ஓட்டோகிளேவ். அமல்கம் துணுக்கு ஒட்டிய கருவியை அப்படியே உள்ளே வைத்தால், 121 பாகையில் பாதரசம் ஆவியாகி, கதவைத் திறப்பவரின் முகத்தில் அடிக்கும். கருவியை முதலில் துடைத்துத் துணுக்கை எடுத்துவிட வேண்டும். அமல்கம் அடைத்த பிடுங்கிய பல்லும் ஓட்டோகிளேவுக்குள் போகக் கூடாது.

கதிரையின் உறிஞ்சுகுழாயில் உள்ள வடிகட்டியைச் சிங்கில் கழுவுவதும் வழக்கம். அதில் இருப்பது முழுக்க அமல்கம் துகள். அதைக் கழுவாமல், மூடியுள்ள போத்தலில் தட்டிப் போடுங்கள். குழாயைக் குளோரின் கலந்த திரவத்தால் கழுவினால் உள்ளே படிந்த அமல்கத்திலிருந்து பாதரசம் கரைந்து வடிகாலுக்குப் போகும்.

அப்ப என் வாயில இருக்கிற வெள்ளி அடைப்பை எல்லாம் எடுத்துவிடவா?

நல்ல நிலையில் இருக்கிற அடைப்பை அந்தப் பயத்துக்காக எடுக்க வேண்டாம். எடுக்கும்போது வருகிற ஆவி, வாயில் சும்மா இருக்கும்போது வருவதைவிடக் கூட. புதிதாக அடைக்கும் விஷயம் வேறு. பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பால் பற்களுக்கும், 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் அமல்கம் தவிர்க்கப்பட வேண்டும். பல் வைத்தியர் அவசியம் என்று கருதினால் மட்டும் விதிவிலக்கு. இலங்கை 2017 இல் அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடு.

எங்கட தாதிக்குக் கொஞ்ச நாளாக் கை நடுங்குது. பாதரசமாக இருக்குமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதனால் மற்ற அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரே தடவையில் நிறைய ஆவியைச் சுவாசித்தவருக்கு சில மணித்தியாலத்துக்குள் இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டல், காய்ச்சல், வாயில் உலோக ருசி வரும். இது பெரும்பாலும் யாரோ பாதரசத்தைச் சூடாக்கியபோது நடப்பது. சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மெதுவாகச் சேர்ந்து வருவது வேறு மாதிரி. முதலில் நித்திரை குறையும். ஆள் எரிந்து விழுவார், அல்லது முன்பு கலகலப்பாக இருந்தவர் ஆட்களைப் பார்க்கக் கூச்சப்படுவார். மறதி வரும். பிறகு கை நடுக்கம். கையெழுத்தில் அது தெரியும். ஆறு மாதத்துக்கு முந்திய பதிவேட்டையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முரசு வீங்கி இரத்தம் கசியலாம், எச்சில் கூடலாம், சிறுநீரில் புரதம் போகலாம். சின்னப் பிள்ளைகளில் உள்ளங்கையும் பாதமும் இளஞ்சிவப்பாகி, வலித்து, தோல் உரிவதோடு, வியர்வையும் இரத்த அழுத்தமும் கூடலாம்.

நடுக்கத்துக்குத் தைரொயிட், சில ஆஸ்துமா மருந்துகள், வேறு நரம்பு நோய்கள் என்று பல காரணம் உண்டு. ஒரே அறையில் வேலை செய்யும் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி அறிகுறி வந்தால், அறையைச் சந்தேகியுங்கள். விடுமுறையில் ஊருக்குப் போய் நின்றபோது ஆளுக்குக் குறைந்து, திரும்பி வந்ததும் கூடினாலும் அப்படித்தான்.

எந்த டெஸ்ட் செய்யவேணும்?

நீண்ட நாள் ஆவி சுவாசித்ததைப் பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனை. பாதரசம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மாதம் எடுக்கும், ஆகவே சில வாரம் பிந்தினாலும் தெரியும். சாதாரண ஆட்களுக்கு அது லீட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழேயே இருக்கும். 100 ஐத் தாண்டினால் நடுக்கம் போன்ற நரம்பு அறிகுறிகளை எதிர்பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் வந்தால், டொக்டர் அறிகுறிகளையும் வேலை இடத்தையும் சேர்த்துப் பார்த்துத் தீர்மானிப்பார்.

இரத்தப் பரிசோதனை, அண்மையில் நடந்த பெரிய சிந்தலுக்குத்தான் உதவும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: மீனில் இருக்கும் மீதைல் பாதரசமும் இரத்த அளவில் சேரும். வாரம் முழுக்கக் கெலவல்லாவும் தளபத்தும் சாப்பிடும் வீட்டில் இரத்த அளவு கூடியிருந்தால் கிளினிக்கைக் குற்றம் சொல்ல முடியாது. இரத்தம் கொடுக்கும்போது என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சையில் முதல் மருந்து, ஆளை அந்த அறையில் இருந்து எடுப்பதுதான். பாதரசத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன. யாருக்குக் கொடுப்பது என்பது வைத்தியசாலையில் முடிவாக வேண்டியது. ‘உடம்பைச் சுத்தமாக்கும்’ பொடி வாங்கிக் குடிப்பதால் ஒன்றும் ஆகாது.

சேர்த்து வைச்ச பாதரசத்தை எங்க குடுக்கிறது? மஞ்சள் பையில போடலாமா?

மஞ்சள் பைக் கழிவு பெரும்பாலும் எரிக்கப்படுகிறது. எரித்தால் உங்கள் அறையில் இருந்து காப்பாற்றிய ஆவி முழுவதும் வேறு யாருடைய கூரைக்கு மேலோ போகும். ஊசிப் பெட்டியும் அதேபோல்தான். சிங்கில் ஊற்றினால் குழாய் வளைவில் பாரமாகத் தங்கி அங்கிருந்தே ஆவி விடும். யாராவது ஊற்றிவிட்டால் அந்த வளைவைக் கழற்றி எடுக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிட வேண்டும்.

பாதரசமும் அமல்கம் துகளும் தனித்தனி இறுக்கமான போத்தல்களில், பெயரும் திகதியும் எழுதி, வெயில் படாத பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். இலங்கையில் அபாயகரமான கழிவை எடுத்துச் செல்லவும் கையாளவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் தேவை. அனுமதி உள்ளவர் யார் என்பதை பத்தரமுல்லையில் உள்ள அவர்களது அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அமல்கத்தில் வெள்ளி இருப்பதால் பழைய சாமான் வாங்குபவர்கள் சிலர் காசு தந்து கேட்பார்கள். அவர்கள் அதைச் சூடாக்கித்தான் வெள்ளியை எடுப்பார்கள். கொடுக்காதீர்கள்.

டிஜிட்டலுக்கு மாறினால் இந்தத் தலையிடியே இல்லையே?

ஆமாம், தெர்மோமீட்டர் விஷயத்தில் இல்லை. மினமாட்டா உடன்படிக்கையின்படி பாதரசத் தெர்மோமீட்டரையும் பிரஷர் கருவியையும் உற்பத்தி செய்வதும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதும் 2020 க்குப் பிறகு முடிவுக்கு வந்திருக்க வேண்டியவை. மாறும்போது பழையவற்றை லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள். லாச்சியை இழுத்து மூடும்போது உடைகிற தெர்மோமீட்டரை யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொன்றையும் கடதாசியில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் குழாயில் வைத்து, அமல்கம் போத்தல் இருக்கும் அதே அலுமாரியில் வையுங்கள்.